கையில் பிரஷர் சரி, வயிற்றுக்குள் பிரஷர் அதிகம்

“டாக்டர், நாங்கள் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு 54 வயது, ரப்பர் பால்வெட்டு வேலை. இருபது வருடமாகக் குடித்தார். எட்டு மாதமாகத் தொடவில்லை. ஸ்கேனில் லிவர் சிரோசிஸ், மண்ணீரல் 16 செ.மீ., போர்ட்டல் வெயின் 14 மி.மீ. என்று போட்டிருக்கிறது. எண்டோஸ்கோப்பியில் தொண்டைக் குழாயில் நரம்பு வீங்கியிருக்கிறதாம், கிரேடு 2. பிளேட்லெட் 78,000. ரத்தம் கக்கியதில்லை. கையில் பிரஷர் 110/70தான். ஆனாலும் கார்வெடிலால் 6.25 என்று பிரஷர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எழும்பும்போது தலை சுற்றுகிறது என்று பத்து நாளாக அதை நிறுத்திவிட்டார். கெட்டுப்போனது லிவர் என்றால் தொண்டையிலும் மண்ணீரலிலும் ஏன் வீங்க வேண்டும்? மண்ணீரலை எடுத்துவிட்டால் பிளேட்லெட் ஏறிவிடும் என்று சித்தப்பா சொல்கிறார். என்ன செய்யலாம்?”

அன்புள்ள தங்கைக்கு,

அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரை நாளைக்கே பாருங்கள். அப்பா நிறுத்தியிருப்பது கையில் அளக்கிற பிரஷருக்கான மாத்திரை அல்ல. அது வயிற்றுக்குள் இருக்கிற வேறொரு பிரஷருக்கானது. அந்த பிரஷரைக் கையில் பட்டை கட்டி அளக்க முடியாது. மாத்திரை ஏன் என்று புரிந்துவிட்டால், நரம்பு ஏன் வீங்கியது, மண்ணீரல் ஏன் பெருத்தது, சித்தப்பா சொல்வது ஏன் சரிவராது என்பதெல்லாம் கூடவே புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

நம் உடம்பில் மற்ற உறுப்புகளுக்குப் போகிற ரத்தம் வேலையை முடித்துக்கொண்டு நேரே இதயத்துக்குத் திரும்பிவிடும். குடலுக்கும் இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் போகிற ரத்தத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. குடலிலிருந்து ஒரு பெரிய சிரை வருகிறது, மண்ணீரலிலிருந்து இன்னொன்று வருகிறது. இரண்டும் கணையத்துக்குப் பின்னால் சேர்ந்து ஒன்றாகின்றன. அதுதான் உங்கள் ஸ்கேனில் எழுதியிருக்கிற போர்ட்டல் வெயின். அது லிவருக்குள் நுழைந்து மறுபடியும் பொடிப்பொடிக் கிளைகளாகப் பிரிகிறது. சாப்பாட்டிலிருந்து வந்ததையெல்லாம் லிவர் சலித்துப் பார்த்த பிறகுதான் ரத்தம் இதயத்துக்குப் போகும். லிவருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது.

இவ்வளவு ரத்தம் போனாலும் அங்கே அழுத்தம் மிகவும் குறைவு. கையில் 110 என்று காட்டுகிற அதே மில்லிமீட்டர் கணக்கில், லிவருக்குள் நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் நல்ல லிவரில் 5-க்குள்தான் இருக்கும். காரணம் லிவரின் உள்கட்டமைப்பு. அதன் நுண்குழாய்கள் மற்ற இடத்து நுண்குழாய்கள் மாதிரி இல்லை. சுவர் முழுக்கச் சல்லடைக் கண்கள், கீழே உறுதியான படலம் எதுவும் கிடையாது. ரத்தம் பஞ்சுக்குள் ஊறுவது போல ஊறிக் கடந்துவிடும்.

குடியோ, மஞ்சள் காமாலை வைரஸோ, கொழுப்போ வருடக்கணக்கில் லிவரைப் புண்ணாக்கும்போது கெடுவது இந்தப் பஞ்சுத்தன்மைதான். நுண்குழாய்ச் சுவரை ஒட்டி நட்சத்திர வடிவச் செல்கள் சில உண்டு. நல்ல நாளில் அவற்றின் வேலை வைட்டமின் ஏ-வைச் சேமித்து வைப்பது. காயம் தொடர்ந்தால் அவை குணம் மாறித் தழும்பு நாரை நெய்ய ஆரம்பிக்கின்றன. சல்லடைக் கண்கள் அடைகின்றன, சுவர் தடிக்கிறது. மீதமிருக்கிற நல்ல செல்கள் முண்டு முண்டாக வளர்ந்து, பக்கத்தில் போகிற மெல்லிய சிரைகளை நெரிக்கின்றன. இந்த நிலைக்குத்தான் சிரோசிஸ் என்று பெயர். ஒரு குழாயின் விட்டம் பாதியானால் அதில் ஓட்டத்துக்கு இருக்கும் தடை இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு ஆகும். அதனால்தான் லிவர் கொஞ்சம் இறுகினாலே அழுத்தம் சட்டென்று ஏறுகிறது.

தடை முழுவதும் தழும்பால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறுக்கத்தால் வருவது. குணம் மாறிய அந்த நட்சத்திரச் செல்கள் தசை போலச் சுருங்கவும் பழகிவிடுகின்றன. குழாயைத் தளர்த்துகிற நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருள் நோய்ப்பட்ட லிவரில் போதுமான அளவு உண்டாவதில்லை. தழும்பை மாத்திரை கரைக்காது. இறுக்கத்தைத் தளர்த்த முடியும். அப்பா குடியை நிறுத்தியதால் நடப்பதும் பாதி இதுதான்: வீக்கம் தணிகிறது, இறுக்கம் குறைகிறது, அழுத்தமும் இறங்குகிறது. எட்டு மாதம் தொடாமல் இருந்தது எந்த மாத்திரைக்கும் குறையாத வைத்தியம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனி வீக்கத்துக்கு வருவோம். நம் ஊர்க் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். மடை அடைத்துக்கொண்டது, ஆனால் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது என்று வையுங்கள். குளம் நிறைந்து மறுகால் பாயும். மறுகால் என்பது அதற்கென்றே கல் பாவிக் கட்டிய வழி. உடம்பில் அப்படிக் கட்டி வைத்த மறுகால் கிடையாது. இருப்பதெல்லாம் குடல் பக்கச் சிரைகளும் இதயத்துக்கு நேரே போகிற சிரைகளும் அடுத்தடுத்து உரசிக்கொண்டிருக்கிற சில இடங்கள். அங்கே மயிரிழை போன்ற இணைப்புகள் உண்டு. சாதாரணமாக அவற்றில் ஓட்டமே இருக்காது.

போர்ட்டல் வெயினுக்கும் அதில் வந்து சேரும் கிளைகளுக்கும் வால்வு கிடையாது. காலில் உள்ள சிரைகளில் வால்வு இருப்பதால் ரத்தம் மேல்நோக்கி மட்டும் போகும். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. முன்னால் அழுத்தம் ஏறினால் ரத்தம் வந்த வழியே திரும்பிப் போகும். இரைப்பையின் மேல்பக்கத்திலிருந்து லிவரை நோக்கி வருகிற ஒரு சிரை இருக்கிறது. அது திசை மாறி, உணவுக்குழாயின் அடிப்பகுதிக்கு ரத்தத்தைத் தள்ளுகிறது. அங்கிருந்து நெஞ்சுக்குள் இருக்கிற இன்னொரு சிரை வழியாக ரத்தம் இதயத்துக்குப் போய்ச் சேர்கிறது. லிவரைச் சுற்றிக்கொண்டு போகிற குறுக்குவழி இது.

நீங்கள் தொண்டை என்று எழுதியிருப்பது இந்த இடத்தைத்தான். வீக்கம் கழுத்தில் இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால், உணவுக்குழாய் இரைப்பையில் சேருவதற்கு முந்தைய நாலைந்து சென்டிமீட்டரில் இருக்கிறது. நரம்பு என்று நாம் எல்லோரும் சொன்னாலும் அது சிரைதான், ரத்தக்குழாய். மற்ற இடங்களில் சிரைகள் ஆழத்தில், தசைக்கு வெளியே ஓடும். இந்தக் கடைசி நாலைந்து சென்டிமீட்டரில் மட்டும் அவை உட்தோலுக்குச் சற்றுக் கீழே, தாங்கல் எதுவும் இல்லாமல் ஓடுகின்றன. எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டுக் காற்றை ஊதும்போது எனக்குத் திரையில் தெரிவது இதுதான்: இளஞ்சிவப்பான உட்சுவரில் மூன்று நான்கு நீலம் பாய்ந்த தடிப்புகள், மண்புழு நெளிவது போல மேலே ஏறி வருகின்றன. சிறியவை காற்று ஊதியதும் தட்டையாகிவிடும். கிரேடு 2 அப்படித் தட்டையாகாது. அதன் மேல் சிவப்புப் புள்ளியோ சிவப்புக் கோடோ தெரிந்தால் அந்த இடத்தில் சுவர் நைந்திருக்கிறது என்று பொருள். அப்பாவின் ரிப்போர்ட்டில் சிவப்புக் கோடுகள் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். வைத்தியத்தை முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வர வேண்டும். மாணவனாக இருந்தபோது எனக்கு வந்தது. மறுகால் திறந்துவிட்டால் குளம் வடிய வேண்டுமே? இத்தனை குறுக்குவழி உண்டான பிறகும் அழுத்தம் ஏன் இறங்குவதில்லை?

இதற்கான விடை லிவரில் இல்லை, குடலில் இருக்கிறது. அழுத்தம் ஏறியதும் குடலுக்கு ரத்தம் கொண்டுவருகிற தமனிகள் விரிந்துகொள்கின்றன. லிவருக்குள் பற்றாக்குறையாக இருக்கிற அதே நைட்ரிக் ஆக்சைடு குடல் தமனிகளில் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. தேவைப்படுகிற இடத்தில் இல்லை, தேவையில்லாத இடத்தில் கொட்டுகிறது. இந்த நோயை இத்தனை பிடிவாதமாக்குவது இந்த முரண்பாடுதான் என்பது என் எண்ணம். தமனி விரிந்தால் குடலுக்கு வரும் ரத்தம் கூடும். வந்தது அத்தனையும் போர்ட்டல் வெயினுக்குத்தான் வந்தாக வேண்டும். மறுகால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே அணை ஷட்டரையும் தூக்கிவிட்டது போல.

ஒரு சின்னக் கணக்காகப் பார்க்கலாம். அழுத்தம் என்பது வரத்தையும் தடையையும் பெருக்கினால் வருவது. எண்கள் புரிந்துகொள்வதற்காக நான் போட்டவை, அப்பாவுடையவை அல்ல. நல்ல லிவரில் வரத்து 1 லிட்டர், தடை 4 என்றால் அழுத்தம் 4. சிரோசிஸில் தடை 16 ஆகிறது, அழுத்தமும் 16. குறுக்குவழிகள் திறந்து மொத்தத் தடை 10-க்கு இறங்குகிறது என்று வைப்போம். அழுத்தமும் 10 ஆகியிருக்க வேண்டும். ஆனால் வரத்து இதற்குள் ஒன்றரை லிட்டர் ஆகிவிட்டது. ஒன்றரையைப் பத்தால் பெருக்கினால் 15. குறுக்குவழிகளால் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

15 என்பது சும்மா எண் இல்லை. இந்த வித்தியாசம் 10-ஐத் தாண்டினால்தான் வீங்கிய சிரைகளும் வயிற்றில் நீரும் வரத் தொடங்கும். 12-க்குக் கீழே இருந்தால் உணவுக்குழாய்ச் சிரை வெடிப்பது மிக அரிது. இதை நேரடியாக அளக்கக் கழுத்துச் சிரை வழியாக லிவர் வரைக்கும் மெல்லிய குழாயை விட்டுப் பார்க்க வேண்டும். பெரிய மையங்களில்தான் செய்வார்கள். அப்பாவுக்கு அது இல்லாமலேயே முடிவுக்கு வரலாம். கிரேடு 2 சிரை இருக்கிறது என்றாலே 10-ஐத் தாண்டிவிட்டது என்றுதான் அர்த்தம்.

கையில் ஏன் 110/70 என்பதும் இதே கதையின் மறுபக்கம். வயிற்றுத் தமனிகள் விரிந்து ரத்தத்தை அங்கே தேக்கிக்கொள்வதால் மற்ற இடங்களில் அழுத்தம் தாழ்கிறது. முன்பு பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குச் சிரோசிஸ் முற்றிய பிறகு பிரஷர் தானாகவே சரியாகிவிட்டதாகத் தோன்றும். “பிரஷர் போயிட்டு டாக்டர்” என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எனக்குக் கவலையாக இருக்கும். உடம்பு ரத்தம் குறைந்துவிட்டது என்று தவறாக எண்ணி உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. அதனால் வரத்து இன்னும் கூடுகிறது. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இப்போது கார்வெடிலாலுக்கு வருகிறேன். அது அந்தப் பெருக்கல் கணக்கின் இரண்டு எண்களையும் தொடுகிறது. இதயத்தின் வேகத்தைக் குறைத்து, விரிந்துபோன குடல் தமனிகளைச் சுருக்குகிறது, வரத்து குறைகிறது. கூடவே லிவருக்குள் இருக்கிற இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது, தடையும் குறைகிறது. 6.25-இல் தொடங்கி, தாங்கினால் 12.5 வரைக்கும் கூட்டுவது வழக்கம். இதுவரை ரத்தம் கக்காத, கிரேடு 2 சிரை உள்ள ஒருவருக்கு முதல் ரத்தக்கசிவைத் தடுக்க உள்ள இரண்டு வழிகளில் ஒன்று இந்த மாத்திரை. மற்றொன்று எண்டோஸ்கோப்பி வழியாகச் சிரையில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது. வளையம் அந்தச் சிரையை மட்டும் அடைக்கும், அழுத்தத்தைக் குறைக்காது.

தலைசுற்றலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்வெட்டுக்காரர் இருட்டோடு எழுந்து, ஒரு வாய் கட்டஞ்சாயா குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு நடப்பவர். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது தலை சுற்றத்தான் செய்யும். மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட்டாரா, எந்த நேரத்தில் சாப்பிட்டார் என்று கேளுங்கள். உணவோடு சாப்பிட வேண்டிய மாத்திரை அது. எழுவதற்கு முன் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 90-க்குக் கீழே போனாலோ, அவருக்கு ஆஸ்துமா இருந்தாலோ இந்த மாத்திரை பொருந்தாது. அப்போது வளையம் போடும் வழிக்கு மாறிவிடலாம். மாத்திரையும் இல்லை, வளையமும் இல்லை என்று சும்மா இருப்பதுதான் கூடாது. அந்தப் பத்து நாளாக அவர் இருப்பது அப்படித்தான்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், வீங்கிய சிரைக்குப் பலூனின் குணம் உண்டு. ஊத ஊதச் சுவர் மெலியும். மெலிய மெலிய அதே அழுத்தத்துக்கே சுவரில் இழுவிசை கூடும். பெரிய சிரை சின்ன சிரையை விட எளிதில் வெடிப்பது அதனால்தான். உள்ளே அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் அந்த இழுவிசை நன்றாகக் குறையும்.

மண்ணீரலுக்கு வருவோம். இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னால், சாதாரணமாகக் கையில் எதுவும் தட்டுப்படாது. 16 சென்டிமீட்டர் உள்ளவருக்கு மூச்சு இறங்கும்போது ஒரு வழவழப்பான, கெட்டியான விளிம்பு வந்து விரல் நுனியில் முட்டிவிட்டுத் திரும்பும். சாதாரண நீளம் 12 வரைதான். மண்ணீரலின் சிரைக்கும் போர்ட்டல் வெயின்தான் வாசல். வாசலில் அழுத்தம் ஏறியதும் ரத்தம் உள்ளே தேங்குகிறது. தேக்கம் மட்டும் என்றால் வெறும் வீக்கத்தோடு நின்றிருக்கும். வரத்தும் கூடுவதால் அதன் திசுவே வளர்ந்து, நாளாக நாளாக உள்ளே நாரும் சேர்ந்து கெட்டியாகிறது. அளவைப் பார்த்து மட்டும் அழுத்தத்தைக் கணிக்க முடியாது. 14 சென்டிமீட்டர் மண்ணீரலோடு பெரிய சிரைகள் உள்ளவரையும், 20 சென்டிமீட்டரோடு சின்னச் சிரைகள் மட்டும் உள்ளவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிளேட்லெட் எங்கே போனது என்றால், பெரும்பகுதி மண்ணீரலுக்குள்ளேயேதான் இருக்கிறது. நல்ல உடம்பிலேயே மூன்றில் ஒரு பங்கு பிளேட்லெட் மண்ணீரலில் தங்கியிருக்கும். மண்ணீரல் பெருக்கப் பெருக்க அந்தப் பங்கும் கூடும். கையிலிருந்து எடுக்கிற ரத்தத்தில் 78,000 என்று தெரிவது வெளியே சுற்றுகிறவற்றின் எண்ணிக்கை மட்டுமே. இன்னொரு காரணமும் உண்டு: பிளேட்லெட் தயாரிக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளை அனுப்புகிற ஹார்மோன் லிவரில்தான் அதிகம் உண்டாகிறது. லிவர் தளரும்போது அந்தக் கட்டளையும் குறைகிறது. டெங்குவில் சில நாளில் சட்டென்று சரிகிற பிளேட்லெட் வேறு, வருடக்கணக்கில் மெல்ல இறங்குகிற இது வேறு. பப்பாளி இலைச் சாறு கொடுத்து இதை ஏற்ற முடியாது.

சித்தப்பா சொல்வதில் ஒரு பாதி உண்மை. மண்ணீரலை எடுத்தால் எண்ணிக்கை ஏறும். ஆனால் ரத்தம் கக்குவது பிளேட்லெட் குறைவால் தொடங்குவதில்லை. சிரைக்குள் அழுத்தம் மீறுவதால் தொடங்குகிறது. மண்ணீரலை எடுத்தாலும் இறுகிய லிவர் அப்படியேதான் இருக்கும், குடலிலிருந்து வருகிற ரத்தமும் வந்துகொண்டுதான் இருக்கும். பதிலுக்கு வருகிற ஆபத்துகள் பெரியவை. ஓட்டம் மந்தமான போர்ட்டல் வெயினில் ரத்தம் உறைந்துவிடலாம். நிமோனியாக் கிருமி போன்றவற்றுக்கு எதிரான காவலும் போய்விடும். மண்ணீரல் சிரை மட்டும் அடைபட்டு, லிவர் நன்றாக இருக்கிற சிலருக்கு அந்த ஆபரேஷன் நோயையே தீர்க்கும். அப்பாவின் பிரச்சினை அது இல்லை. 78,000 என்பதற்காக பிளேட்லெட் ஏற்றவும் வேண்டாம். ஏற்றியதில் ஒரு பங்கு மண்ணீரலுக்குள்தான் போய் ஒளிந்துகொள்ளும்.

மேல்வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வெட்டுகிறவருக்கு முதுகு வலிக்கும் என்பது தெரியும். வலி வந்தால் எதைச் சாப்பிடலாம், எவ்வளவு என்று அதே டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

மலம் தார் மாதிரிக் கறுத்துப் பிசுபிசுத்துப் போனால், ரத்தம் கக்காவிட்டாலும் அது உள்ளே கசிகிற ரத்தமாக இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. சந்தேகமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, எண்டோஸ்கோப்பி வசதியும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்க வேண்டாம். குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் வருவதற்கே நேரம் பிடிக்கும். அதனால் இப்போதே ஒரு துண்டுத்தாளில் ‘சிரோசிஸ், உணவுக்குழாயில் கிரேடு 2 வெரிசஸ், பிளேட்லெட் 78,000’ என்று எழுதி, அவருடைய ரத்த குரூப்பையும் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரையும் சேர்த்து, அப்பாவின் செல்போன் உறைக்குள் வைத்துவிடுங்கள். தோட்டத்தில் கூட வெட்டுகிற ஆட்களிடமும் அது அங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.